நடுவில் ஒரு நன்றி ஸ்லைடு

மார்ச் 3, திங்கள்

மேனேஜருக்கு இன்று என்ன தோன்றியதோ தெரியவில்லை. வாடிக்கையாளர் புகார்கள் தீர்வதற்கு ஏன் இவ்வளவு நாளாகிறது என்று 14ஆம் தேதி நிர்வாகக் குழுவிடம் 20 நிமிடம் பேச வேண்டுமாம். பேசப்போவது இரண்டு பேர், ஒருவர் நான், இன்னொருவர் என் எதிர் சீட்டுக்காரர். பெயர் வேண்டாம், எக்ஸெல்காரர் என்று வைத்துக்கொள்கிறேன். டீம் லீட் பதவிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரும்தான் போயிருக்கிறது, ஆறு மாதமாக ஒருவருக்கொருவர் காலை வணக்கத்தைக்கூட அளந்துதான் சொல்கிறோம்.

“எண்கள் அவர், காரணங்கள் நீங்க, ஆளுக்குப் பத்து நிமிஷம்” என்றார் மேனேஜர். வெட்டி ஒட்டினால் ஒரு பிரசன்டேஷன் ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறார் போல. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம், அதைவிட வசதி வேறென்ன, பேசிக்கொள்ளவே வேண்டியதில்லையே.

மார்ச் 5, புதன்

என் பாதி தயார். புகார் பிரிவில் உட்கார்ந்து ஒரு மாதமாக எழுதிவைத்த குறிப்புகள் ஒரு நோட்டு முழுக்க இருக்கின்றன. ஒரு புகார் எந்த மேசையில் தொடங்குகிறது, யார் யாருக்குத் தள்ளிவிடுகிறார், எங்கே தூங்குகிறது, எல்லாம் இருக்கிறது. ஆறு வாடிக்கையாளர்களின் கதைகளை ஆறு ஸ்லைடில் போட்டேன். எக்ஸெல்காரர் என்ன செய்கிறார் என்று கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது, மதியம் வரவில்லை.

இரண்டு கோப்புகளையும் ஒன்றாக ஒட்டி மேனேஜர் முன்னால் ஒத்திகை பார்த்தோம். மொத்தம் 31 ஸ்லைடு. அவருடையது கருநீலம், என்னுடையது வெள்ளை, எழுத்துருவும் வேறு வேறு. புகார் பிரிவு என்றால் என்ன என்று அவர் மூன்று ஸ்லைடில் விளக்கினார், நானும் என் பங்குக்கு மூன்று ஸ்லைடில் அதையே விளக்கினேன். பதினாறாவது ஸ்லைடில் பெரிய எழுத்தில் ‘நன்றி’ என்று இருந்தது, அதாவது அவர் பாதியின் கடைசி ஸ்லைடு. மேனேஜர் கைதட்டவே போய்விட்டார், அப்புறம்தான் நான் எழுந்தேன். நேரமோ, அவர் 19 நிமிடம், நான் 14.

ஆனால் இதெல்லாம் சின்ன விஷயம். அவர் ஆறாவது ஸ்லைடில் சொன்னார்: “ஒரு புகார் தீர சராசரியா 9 நாள் ஆகுது.” நான் இருபதாவது ஸ்லைடில் சொன்னேன்: “நடுவில் நிற்கிற வாடிக்கையாளருக்கு 4 நாள் ஆகுது.” மேனேஜர் பேனாவை மூடிவிட்டு, “4ஆ, 9ஆ? குழுவில் இப்படிச் சொன்னா அடுத்த ஸ்லைடை யாரும் பார்க்க மாட்டாங்க, உங்க ரெண்டு பேரில் யார் தப்புன்னுதான் யோசிப்பாங்க” என்றார். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் மற்றவரைக் கை காட்டினோம். ஆறு மாதத்தில் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

மார்ச் 8, சனி

விடுமுறை நாளில் எக்ஸெல்காரரிடமிருந்து அழைப்பு. “உங்க 4 எங்கேயிருந்து வந்துச்சு?” வணக்கம்கூட இல்லை. எனக்கும் கோபம்தான், ஆனால் திங்கள்கிழமை மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதனால் சொன்னேன். பிப்ரவரியில் முடிந்த 240 புகார்களையும் நாள் கணக்குப்படி வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தேன். அவரோ மொத்த நாட்களைக் கூட்டி 240ஆல் வகுத்திருக்கிறார். அதே 240, அதே பதிவேடு.

“பத்து புகாரை மட்டும் எடுத்துப் பார்ப்போம்” என்றார், எண்களை ஃபோனிலேயே வாசித்தார், நான் நோட்டின் பின் அட்டையில் எழுதிக்கொண்டேன். 2, 2, 3, 3, 4, 4, 5, 6, 25, 36. கூட்டினால் 90, பத்தால் வகுத்தால் 9. நடுவில் இருப்பவை 4, 4. இரண்டுமே சரி! எட்டுப் பேர் ஆறு நாளுக்குள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், கடைசி இரண்டு பேர் சராசரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். 9 நாள் காத்திருந்த ஆள் இந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட இல்லை.

கொஞ்ச நேரம் இரு பக்கமும் பேச்சில்லை. அப்புறம் அவர், “அப்போ 4க்கும் 9க்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் நாம சொல்ல வேண்டிய விஷயமே” என்றார். அதைச் சொன்னது நானாக இருந்திருக்கலாம் என்று இப்போதும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

மார்ச் 10, திங்கள்

20 நாளுக்கு மேல் இழுத்த புகார்களை மட்டும் அவர் வடிகட்டினார். 240இல் 36 வந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டால் மீதி 204க்குச் சராசரி 5 நாள்தான். அந்த 36இன் எண்களை அவர் வாசிக்க வாசிக்க நான் என் நோட்டில் தேடினேன், ஏனென்றால் புகார் எத்தனை முறை கை மாறியது என்பது அவருடைய தாளில் கிடையாது, என் நோட்டில்தான் உண்டு. 36இல் 31 புகார்கள் இரண்டு முறைக்கு மேல் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போயிருக்கின்றன. மீதி 204இல் அப்படி 8தான்.

அவருடைய ‘நன்றி’க்கு முந்தைய ஸ்லைடு ‘கூடுதலாக மூன்று பேர் தேவை’ என்று இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சராசரி 9 நாள் என்றால் எல்லோருக்கும் வேலை அதிகம் என்றுதானே அர்த்தமாகிறது, ஆனால் பெரும்பாலான புகார்கள் சீக்கிரம் முடிகின்றன, தள்ளிவிடப்பட்டவைதான் கிடக்கின்றன, இங்கே மூன்று பேரைக் கூடுதலாகப் போட்டால் தள்ளிவிட மூன்று மேசை கூடும். அந்த ஸ்லைடை அவரே அழித்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. பதிலுக்கு என் ஆறு கதைகளில் ஐந்தை நீக்கச் சொன்னார். இரண்டு மணி நேரம் சண்டை. ஒரு கதை போதும், அது அந்த 36இல் ஒன்றாக இருக்க வேண்டும், 4 நாளில் முடிந்த புகாரின் சோகக் கதையை வைத்துக்கொண்டு தாமதத்தைப் பற்றிப் பேச முடியாது என்றார். அது சரிதான், எனக்குப் பிடித்த கதை போயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

இனி அவர் பாதி, என் பாதி என்று இல்லை. வெள்ளைத் தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு முழு வாக்கியம் எழுதினோம், ஸ்லைடின் தலைப்பு அதுதான். முன்பு அவருடைய தலைப்பு ‘தீர்வு நேரம்: பகுப்பாய்வு’. இப்போது ‘பாதிப் புகார்கள் 4 நாளில் முடிகின்றன, ஆனால் 36 புகார்கள் 20 நாளைத் தாண்டுகின்றன’. தலைப்புகளை மட்டும் மேலிருந்து கீழே படித்தபோது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இடறியது, அங்கே ஒரு ‘ஏன்’ விட்டுப்போயிருந்தது. படங்களை வைத்துக்கொண்டு பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

வண்ணம், எழுத்துரு எல்லாவற்றையும் ஸ்லைடு மாஸ்டரில் ஒரே இடத்தில் மாற்றினோம், பத்து நிமிட வேலை. அதை முதலில் செய்திருந்தால் ஒன்றாகிவிட்டது போலத் தோன்றி அப்படியே விட்டிருப்போம்.

மார்ச் 12, புதன்

ஒத்திகை, 23 நிமிடம். மேனேஜர் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, இடம் மாறிப் பேசுங்கள் என்றார். எக்ஸெல்காரர் பேசும் ஸ்லைடுகளை நான், என்னுடையவற்றை அவர்.

மானம் போயிற்று. அவருடைய பட்டை வரைபடத்தில் நீட்டுவாக்கில் இருப்பது நாளா, புகார் எண்ணிக்கையா என்றே எனக்குத் தெரியவில்லை, அச்சில் பெயர் எழுதவில்லை, இத்தனை நாள் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவரோ என் கதையில், அந்த அம்மாவின் புகார் கடைசியாக வந்து சேர்ந்த மேசையில் எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்ற இடத்தில் நின்றுவிட்டார். “ஒரே நாள்” என்றேன். “ஒரே நாளா? 34 நாள் அலைஞ்சதுக்கு அப்புறம் வேலை ஒரே நாளா? அதை ஏன் ஸ்லைடுல போடலை?” எனக்கு அது தெரிந்த விஷயம், அதனால் எழுதத் தோன்றவில்லை. உடனே 31 புகார்களையும் பார்த்தோம், 19 புகார்கள் கடைசி மேசையில் ஒரு நாளுக்குள் முடிந்திருந்தன. மீதி 12க்கு என் நோட்டில் தேதி தெளிவாக இல்லை.

மார்ச் 13, வியாழன்

19 நிமிடம். ‘இப்போது என் சக ஊழியர் பேசுவார்’ என்ற வாக்கியத்தை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டோம். அவர் ஒரு கேள்வியோடு நிறுத்துவார், நான் பதிலோடு தொடங்குவேன். ஒருவர் பேசும்போது மற்றவர் திரையைப் பார்க்கக் கூடாது, குழுவின் முகங்களைத்தான் பார்க்க வேண்டும், யார் புருவம் சுருங்குகிறது என்று.

மார்ச் 14, வெள்ளி

முடிந்தது. நான்காவது ஸ்லைடில் அந்தப் பத்து எண்களையும் போட்டு, அவர் 9 என்றார், நான் 4 என்றேன், குழுவில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு எனக்குப் பயமில்லை.

கேள்வி நேரத்தில்தான் வந்தது. “கஷ்டமான புகார் என்பதால்தானே கை மாறுது? கை மாறுவதால் தாமதம்னு எப்படிச் சொல்றீங்க?” இது என் பக்கத்துக் கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் எக்ஸெல்காரர், “31இல் 19 புகார்கள் சரியான மேசைக்கு வந்ததும் ஒரே நாளில் முடிஞ்சிருக்கு. கஷ்டமா இருந்திருந்தா அங்கேயும் நாளாகியிருக்கும். மீதி 12 பற்றி எங்களால் சொல்ல முடியாது, தேதி இல்லை” என்றார். என் நோட்டிலிருந்து, என்னைவிடத் தெளிவாக! கடைசி வாக்கியத்தை நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், மழுப்பியிருப்பேன். கேட்டவர் அந்த 12ஐக் கேட்டதும்தான் தலையாட்டினார்.

ஒரே ஒரு வகைப் புகாருக்கு மட்டும், முதல் மேசையிலேயே துறையை முடிவு செய்யும் முறையை இரண்டு மாதம் சோதித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கை மாறும் தேதிகளையும் இனி பதிவேட்டில் எழுத வேண்டுமாம்.

டீம் லீட் யார் என்று இன்னும் அறிவிக்கவில்லை. லிஃப்டில் இறங்கும்போது அவர் கேட்டார், “அந்த நோட்டை எனக்கு ஒரு நாள் தருவீங்களா?” நகல் எடுத்துத் தருகிறேன் என்றேன். நோட்டைக் கொடுக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.