இருபத்தொன்பதாவது நாள் என்று எழுதுவது எப்படி

விபத்து அறிக்கைகளில் 'காரணம்' என்ற கட்டத்தில் அடிக்கடி காணும் வாக்கியம் இது: "ஆபரேட்டர் களைப்பாக இருந்ததால் லெவலைக் கவனிக்கத் தவறினார்." எழுதியவர் இரக்கத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் இந்த வாக்கியத்தில் தவறியவர் ஒருவர்தான். அவரை அத்தனை நாள் வேலையில் வைத்திருந்த ஷிப்ட் அட்டவணை எங்குமே இல்லை. களைப்பு என்பதும் அளந்து கண்டதல்ல, எழுதியவரின் ஊகம். நாளைக்கு யாராவது "அவர் களைப்பாக இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டால் அறிக்கை அங்கேயே உடைந்துவிடும்.

களைப்பை எப்படிப் பதிவு செய்யலாம் என்பதற்கு, பொது ஆவணமாகக் கிடைக்கும் விசாரணைகளில் டெக்சாஸ் சிட்டி விபத்தை முதலில் படிக்கலாம். 2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவில் பி.பி. நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில், பெட்ரோலின் தரத்தை உயர்த்தும் ஐசோமரைசேஷன் யூனிட்டைப் பராமரிப்புக்குப் பின் மறுபடி ஓட்டத் தொடங்கியபோது வெடிப்பு நேர்ந்தது. 15 பேர் இறந்தனர், 180 பேர் காயமடைந்தனர். இரண்டு மாதத்துக்குள் நிறுவனம் வெளியிட்ட இடைக்கால அறிக்கை, பணியில் இருந்தவர்களின் தவறுகளை முன்னிறுத்தியது. 2007இல் வந்த அமெரிக்க வேதி பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை வேறு இடத்திலிருந்து தொடங்கியது. யார் எத்தனை நாள் தொடர்ந்து வேலை செய்தார்கள் என்று எண்ணியது.

கட்டுப்பாட்டு அறைத் திரைகளிலிருந்து யூனிட்டை இயக்கும் போர்டு ஆபரேட்டருக்கு அது தொடர்ந்து 29ஆவது நாள். இரவு முதன்மை ஆபரேட்டருக்கு 33, பகல் முதன்மை ஆபரேட்டருக்கு 37. எல்லாம் 12 மணி நேர ஷிப்டுகள். பராமரிப்புக் காலத்தில் வாரம் ஏழு நாளும் வேலை என்பது ஆலையே போட்ட அட்டவணை. தொடர் நாட்களுக்கு உச்ச வரம்பு வைக்கும் விதி அந்த ஆலையில் இல்லை. போர்டு ஆபரேட்டர் இரவில் வழக்கமாக 5 முதல் 6 மணி நேரம் உறங்கியதாகச் சொல்லியிருந்தார். ஓரிரவுக்கு ஒன்றரை மணி நேரக் குறைவு என்று வைத்து, 29 நாளில் சேர்ந்த உறக்கக் கடன் 43.5 மணி நேரம் என்று வாரியம் கணக்கிட்டது. இதில் யாரையும் பழிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் அட்டவணையை ஒப்புக்கொண்டவர் யார் என்ற கேள்வி தானாகவே எழுகிறது.

நம் அறிக்கைக்கும் இதே வகைத் தகவலைத்தான் திரட்ட வேண்டும். ஷிப்ட் அட்டவணை மட்டும் போதாது, வாயில் பதிவையும் எடுங்கள். அட்டவணை 8 மணி நேரம் என்று சொல்லும், வாயில் பதிவு 13 மணி நேரம் என்று காட்டும். மாற்று ஆள் வராததால் நின்றவர் என்றால் அதையும், நிற்கச் சொன்னவரின் பொறுப்பையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம், பதவி போதும். உறக்கம் பற்றிக் கேட்கும்போது "களைப்பாக இருந்தீர்களா?" என்று கேட்கக் கூடாது. ஓவர்டைம் பறிபோகும் என்ற பயத்தில் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். கடைசி மூன்று நாளும் எப்போது படுத்தார், எப்போது எழுந்தார், சம்பவ நேரத்தில் எழுந்து எத்தனை மணி நேரம் ஆகியிருந்தது, போக வர எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நினைவு மங்குவதற்குள், ஓரிரு நாளிலேயே கேட்டுவிட வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுப்பவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொன்னால் அந்தக் காரணம் அறிக்கைக்குத் தேவையில்லை. மணிக்கணக்கு மட்டும் போதும்.

அடுத்தது கடினமான பகுதி. நீண்ட வேலை நேரம் இருந்தது என்பது வேறு, அது இந்தச் சம்பவத்தில் பங்கு வகித்தது என்பது வேறு. களைப்புக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. நல்ல உறக்கத்தோடு வந்த இன்னொருவர், இதே தகவலோடு இதே இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டுப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. டெக்சாஸ் சிட்டியில், திரவத்தைப் பிரிக்கும் உயரமான டவரில் இருந்த லெவல் மீட்டர் அதன் அடிப்பகுதியில் சுமார் 9 அடி வரைதான் அளக்கும். திரவம் 158 அடிக்கு ஏறியிருந்த நேரத்தில் அது 78 சதவீதம் என்று காட்டியது, அதுவும் இறங்கிக்கொண்டே வந்தது. உயர் லெவல் அலாரம் ஒன்று அடிக்கவே இல்லை. அந்த எண்ணை நன்றாக உறங்கியவரும் நம்பியிருப்பார். ஆகவே மீட்டரை நம்பியதைக் களைப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் டவருக்குள் திரவம் போனது, அடியிலிருந்து எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே போவதும் வெளியே வருவதும் வெவ்வேறு திரைகளில் இருந்தன, போர்டு ஆபரேட்டர் மூன்று யூனிட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு எண்களையும் மனதில் சேர்த்து 'போனது எங்கே?' என்று கேட்கும் திறனைத்தான் உறக்கக் குறைவு முதலில் தின்னும். ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட வைக்கும். களைப்பின் பங்கை அந்த இடத்தில் எழுதலாம், "பங்களித்திருக்கக் கூடும்" என்ற அளவோடு.

ஷிப்ட் ஒப்படைப்பிலும் இதே கவனம் வேண்டும். "ஒப்படைப்பு சரியில்லை" என்பது தீர்ப்பு. அதற்குப் பதில் ஒரு தாளில் நெடுக்காக நான்கு பத்தி வரையுங்கள்: போகிறவருக்குத் தெரிந்தது, எழுதியது, வாயால் சொன்னது, வருகிறவருக்குப் போய்ச் சேர்ந்தது. டெக்சாஸ் சிட்டியில் அன்று டவரை நிரப்பத் தொடங்கியவர் இரவு முதன்மை ஆபரேட்டர். எவ்வளவு நிரப்பினார், எந்தக் குழாய்கள் வரை, தொடக்க நடைமுறையில் எந்தப் படி வரை முடிந்தது என்பது முதல் பத்தியில் வரும். லாக் புக்கில் இருந்தது, யூனிட்டை நிரப்பக் கொஞ்சம் ராஃபினேட் என்ற அந்தத் திரவத்தை ஏற்றியதாக ஒரே வரி. நடைமுறைத் தாளில் முடிந்த படிகள் குறிக்கப்படவில்லை. அவர் ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் முன்பே, இரவு போர்டு ஆபரேட்டரிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பகல் ஆளும் அவரும் நேரில் சந்திக்கவே இல்லை. பகல் மேற்பார்வையாளர் ஏழு மணிக்கு மேல் வந்ததால் அவருக்கும் ஒப்படைப்பு கிடைக்கவில்லை. இப்படி வரைந்தால் எந்தத் தகவல் எந்தப் பத்தியில் நின்றுபோனது என்பது தெரிகிறது. 33 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் ஏன் முன்னதாகக் கிளம்பினார் என்பதை, கட்டாய ஒப்படைப்பு நேரம் ஒதுக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வியோடு சேர்த்துப் படிக்கவும் முடிகிறது.

ஆக, முதல் வாக்கியத்தைத் திருத்தினால் இப்படி வரும்: "சம்பவ நாள் இவருக்குத் தொடர்ந்து 29ஆவது 12 மணி நேர ஷிப்ட். தொடர் நாட்களுக்கு ஆலையில் வரம்பு இல்லை. முந்தைய ஷிப்டில் ஏற்றிய திரவத்தின் அளவு லாக் புக்கில் இல்லை." மூன்றுமே ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கக்கூடியவை, மூன்றையும் நிர்வாகம் மாற்ற முடியும். "கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது" என்ற பரிந்துரைக்கு இங்கே இடமே இல்லை. டெக்சாஸ் சிட்டிக்குப் பின் 2010இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் கொண்டுவந்த ஆர்.பி. 755 என்ற வழிகாட்டி, 12 மணி நேர ஷிப்டில் வழக்கமான இயக்கத்தின்போது தொடர்ந்து 7, பராமரிப்பு நிறுத்தத்தின்போது 14 என்று எண்ணால் வரம்பு சொன்னது.

வரைவு முடிந்ததும் மேலே அனுப்புவதற்கு முன் அந்தத் தொழிலாளியிடம் படிக்கக் கொடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், நின்ற ஷிப்டுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அவரே சரிபார்க்கட்டும். அவர் சொன்னதும் வாயில் பதிவும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.