கோஸ்க்யூனெஸ் கேள்விக்கு நான் படித்த விதம்

லாட்டரி போன்ற பங்குகளில் சராசரி லாபம் குறைவாக இருந்தும் ஏன் வாங்குகிறார்கள்? முதலீட்டுத் தாளில் இந்தக் கேள்விக்குப் பலரும் "ஸ்க்யூனெஸ் பிடிக்கும்" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிடுகிறார்கள். ஸ்க்யூனெஸ் என்பது லாபங்களின் பரவல் ஒரு பக்கமாக நீண்டிருப்பது; லாட்டரியில் அரிதாக வரும் பெரிய லாபத்தின் பக்கம் நீண்டிருக்கும். யாருக்கு, எந்த ஸ்க்யூனெஸ் பிடிக்கும் என்று பிரித்துச் சொன்னால்தான் முழு மதிப்பெண்.

எனக்கு இது பிடிபட்டது ஒரு சின்னக் கணக்கில்தான். சமவாய்ப்புள்ள மூன்று நிலைகளில் சந்தை −10, 0, +10 சதவீதம் நகர்கிறது. அதே நிலைகளில் அ என்ற பங்கு −2, +4, −2. ஆ என்ற பங்கு +2, −4, +2. இரண்டுக்கும் சராசரி பூஜ்யம், வேரியன்ஸும் ஒன்றே. சந்தையோடு கோவேரியன்ஸ் போட்டுப் பாருங்கள், அதுவும் பூஜ்யம். ஆக, பங்கு சந்தையோடு எவ்வளவு சேர்ந்து நகர்கிறது என்ற பீட்டாவை மட்டும் வைத்து எதிர்பார்ப்பு லாபத்தைச் சொல்லும் CAPM-க்கு இரண்டும் ஒன்றுதான்.

இப்போது விலகலின் மும்மடியைச் சராசரி எடுங்கள்: அ-வுக்கு +16, ஆ-வுக்கு −16. தனியாகப் பார்த்தால் அ தான் லாட்டரி மாதிரி. அப்புறம் கோஸ்க்யூனெஸ், அதாவது சந்தை பெரிதாக ஆடும்போது பங்கு எந்தப் பக்கம் போகிறது என்ற அளவு:

```
E[(Ri − μi)(Rm − μm)²]
அ: (−2×100 + 4×0 − 2×100)/3 ≈ −133
ஆ: (2×100 − 4×0 + 2×100)/3 ≈ +133
```

குறி தலைகீழாகிவிட்டது! சந்தை பெரிதாக ஆடும்போதெல்லாம் அ நஷ்டம் தருகிறது, ஆ கைகொடுக்கிறது. சந்தை முழுவதையும் கையில் வைத்திருப்பவர் ஆ-வுக்குத்தான் கூடுதல் விலை தருவார், அதனால் அதன் எதிர்பார்ப்பு லாபம் குறையும். 1976-இல் கிராஸும் லிட்சன்பெர்கரும் சொன்னது இதைத்தான். ஹார்வியும் சித்திக்கும் 2000-இல் அமெரிக்கப் பங்குகளில் இதற்கான பிரீமியத்தை ஆண்டுக்குச் சராசரியாக 3.6 சதவீதம் என்று கணக்கிட்டார்கள்.

அப்படியானால் லாட்டரிப் பங்கு? அதன் ஸ்க்யூனெஸ் பெரும்பாலும் அந்தப் பங்குக்கே உரியது. பல பங்குகள் வைத்திருப்பவரிடம் அது கரைந்துவிடும். எனவே கோஸ்க்யூனெஸை மட்டும் வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. பார்பெரிஸ், ஹுவாங் 2008-இல் தந்த விளக்கத்தை இங்கே எழுதுங்கள்: மனிதர்கள் மிகச் சிறிய வாய்ப்பை அதன் அளவுக்கு மேல் பெரிதாக எடைபோடுகிறார்கள். அந்தப் பெரிய லாபத்தின் வாய்ப்பு கரையாமல் இருக்க, ஒரே பங்கில் கணிசமாகப் பணம் போட்டு, பரவலாக்காமல் இருக்கவும் சம்மதிக்கிறார்கள். விலை ஏறுகிறது, பின்னால் வரும் லாபம் இறங்குகிறது.

தரவு வைத்துச் செய்யும் புராஜெக்டில் ஒரு எச்சரிக்கை. பழைய தினசரி லாபங்களிலிருந்து எடுக்கும் ஸ்க்யூனெஸ் நம்பகமானதல்ல. மும்மடி எடுப்பதால் ஒரே ஒரு நாள் மொத்த எண்ணையும் இழுத்துவிடும். மிகப் பெரிய ஒரு நாளை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். குறியே மாறினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். பாலி, சாகிசி, வைட்லா 2011-இல் எளிய அளவு ஒன்றை எடுத்தார்கள்: கடந்த மாதத்தின் மிக உயர்ந்த ஒரு நாள் லாபம். அமெரிக்கப் பங்குகளை அதன்படி பத்துக் குழுக்களாகப் பிரித்தபோது, அது மிக அதிகமாக இருந்த குழு, மிகக் குறைவாக இருந்த குழுவைவிட அடுத்த மாதம் 1 சதவீதத்துக்கும் மேல் பின்தங்கியது.