சங்கீத் டான்ஸ் ரிகர்சல்: ஆறு வாரத்துல ரெண்டு குடும்பத்தையும் மேடை ஏத்தின கதை

தங்கச்சிக்கு பார்த்த மாப்பிள்ளை வீடு டெல்லி பஞ்சாபிக்காரங்க. முகூர்த்தம் நம்ம முறைப்படி, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவங்க முறைப்படி சங்கீத்னு பேசி முடிச்சாச்சு, இடம் ஈசிஆர்ல ஒரு ரிசார்ட்டோட புல்வெளி. எங்க வீட்டுல கல்யாணத்துல டான்ஸ் ஆடின பழக்கம் யாருக்கும் கிடையாது, அதனால கோஆர்டினேஷன் மொத்தமும் அக்காவான எங்கிட்ட வந்துச்சு. அந்தப் பக்கம் மாப்பிள்ளையோட அக்கா, அவங்க ஏற்கனவே மூணு சங்கீத் பார்த்தவங்க.

அவங்க மொத நாளே கேட்டது பாட்டு என்னன்னு இல்ல, மியூசிக் எத்தனை மணிக்கு நிறுத்தணும்னு. திறந்தவெளில ராத்திரி 10 மணிக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாது, அதனால கணக்கு பின்னாலருந்து போட்டோம். எல்லாரும் சேர்ந்து ஆட கடைசி ஒரு மணி நேரம் டிஜேக்கு விடணும், அப்போ குடும்ப டான்ஸ் எல்லாம் 8ல இருந்து 9க்குள்ள முடியணும். ஒரு டான்ஸ் 3 நிமிஷம், இறங்கி ஏறி அறிவிப்பு சொல்ல ஒன்றரை நிமிஷம், ஆக நாலரை. 12 டான்ஸுக்கு 54 நிமிஷம். பதிமூணாவது டான்ஸ் கேட்டு வந்த மாமாவ பெரியவங்க குரூப்ல சேர்த்துவிட்டேன்.

நான் மொதல்ல பண்ணின ஷெட்யூல் பாட்டு வாரியா இருந்துச்சு, இந்த ஞாயிறு இந்த பாட்டு, அடுத்த ஞாயிறு அந்த பாட்டுன்னு. பத்து நாள்ல அது உடைஞ்சு போச்சு, ஏன்னா ஒரே ஆளு பல பாட்டுல இருக்காங்க. சித்தி பொண்ணு மட்டும் கசின்ஸ் டான்ஸ், அக்கா தங்கச்சிங்க டான்ஸ், பொண்ணுங்க டான்ஸ், கடைசி கூட்டு டான்ஸ்னு நாலுல இருந்தா. அப்புறம் கூகுள் ஷீட்ல இடது பக்கம் ஆள் பேரு, மேல பாட்டு நம்பர் போட்டு யாரு எதுல இருக்காங்கன்னு டிக் பண்ணினேன். யாருக்கு டைம் இல்லன்னு அதுலயே தெரிஞ்சுச்சு, மேடை வரிசையும் அதுலருந்தே வந்துச்சு. துப்பட்டா மட்டும் மாத்தறவங்களுக்கு நடுவுல ஒரு டான்ஸ் இருந்தா போதும். லெஹங்காவுல இருந்து புடவைக்கு மாறணும்னா பத்து நிமிஷத்துக்கு மேல ஆகும், அதாவது நடுவுல மூணு டான்ஸாவது வேணும். சித்தி பொண்ணுக்கு அந்த இடைவெளி கிடைக்கவே இல்ல, ஒரு டான்ஸ்ல இருந்து அவளை எடுத்தேன். அழுதா, எனக்கும் கஷ்டமா இருந்துச்சு, ஆனா அவ பின்னாடி ஓடிட்டு இருந்தா அடுத்த குரூப் மேடைல நின்னு காத்திருக்கணும்.

ரிகர்சல் ரெண்டு விதமா பிரிஞ்சது. பெரியவங்க ஆறு பேரு, அம்மா, பெரியம்மா, ரெண்டு சித்தி, அத்தை, அந்த மாமா, எல்லாரும் கோயமுத்தூர் திருப்பூர் பக்கம்தான், அதனால நாலு ஞாயித்துக்கிழமை எங்க மொட்டை மாடில. இவங்களுக்கு எட்டு கவுண்ட் எல்லாம் ஏறாது, பாட்டு வரியும் பஞ்சாபி, புரியாது. அதனால டோல் மேளச் சத்தத்த அடையாளம் வச்சோம், ரெண்டு தட்டு தட்டினா திரும்பணும், பாட்டு நின்னு மறுபடி ஆரம்பிச்சா முன்னாடி வரணும். ஸ்டெப்புக்கு அம்மாவே பேரு வச்சு காலண்டர் பின்னாடி வரிசையா எழுதி கிரைண்டருக்கு மேல ஒட்டினாங்க: தயிர் கடையறது, முறம் புடைக்கிறது, கோலப்பொடி தூவுறது, கொடில துணி போடறது. மாவு ஓடறப்ப அந்த பேப்பர பார்த்துக்கிட்டே கைய மட்டும் ஆட்டிப் பார்ப்பாங்க. பெரியம்மாவுக்கு முட்டி வலி, அதனால உக்காந்து எழுந்திரிக்கற ஸ்டெப் எதுவும் வைக்கல, எல்லாம் இடுப்புக்கு மேலதான்.

கசின்ஸ் 14 பேரும் பெங்களூர், சென்னை, சிங்கப்பூர்னு சிதறிக் கிடந்தாங்க. சிங்கப்பூர் நம்மளவிட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, இங்க 9 மணின்னா அங்க பதினொன்றரை, அதனால வீடியோ கால் எல்லாம் ஏழரைக்கே வச்சோம். வீடியோ கால்ல எல்லாரும் சேர்ந்து ஆடிப் பார்க்க முடியாது, ஒவ்வொருத்தர் போன்லயும் சத்தம் வேற வேற நேரத்துல வந்து சேரும், பார்த்தா யாருமே தாளத்துல இல்லாத மாதிரி தெரியும். கால்ல சந்தேகம் மட்டும் கேட்டுக்கிட்டோம், கத்துக்கிட்டது வீடியோ பார்த்து. அந்த வீடியோவையும் மொதல்ல முன்னாடி இருந்து எடுத்து அனுப்பிட்டேன், பாதிப்பேரு வலது இடது மாத்திக் கத்துக்கிட்டாங்க. திரும்ப முதுகுப்பக்கம் இருந்து எடுத்து அனுப்பினதும்தான் சரியாச்சு.

பெரிய சிக்கல் பாட்டு ஃபைல்ல வந்துச்சு. தம்பிதான் எல்லா பாட்டையும் வெட்டி ஒட்டினான். மூணாவது வாரத்துல கசின்ஸ் பாட்டோட ஆரம்பம் இழுக்குதுன்னு 8 செகண்ட் குறைச்சு குரூப்ல போட்டான், சிங்கப்பூர் பொண்ணு அத பார்க்கல, பழசுலயே பழகிட்டு வியாழக்கிழமை வந்து இறங்குறா. எல்லாரும் ஆரம்பிச்சப்புறம் அவ மட்டும் லேட்டா கைய தூக்கறா. ஸ்டெப் மறந்துட்டான்னு நெனச்சு மூணு தடவை ஆரம்பத்துலருந்து போட்டோம், அப்புறம் அவ போன்ல நீளத்த பார்த்தா 2:56, எங்களுது 2:48. உடனே ஒரே ஃபோல்டர் வச்சு பழசு எல்லாத்தையும் அழிச்சு, பேருலயே நீளம் வர்ற மாதிரி மாத்தினோம்:

```
04_Cousins_2m48s.mp3
05_Periyavanga_2m20s.mp3
```

நீளம் ஒத்துப்போகுதான்னு பார்த்தாலே யாருகிட்ட பழசு இருக்குன்னு தெரிஞ்சிடும், இத மொத வாரமே பண்ணியிருக்கணும்.

மேடை 24க்கு 16 அடின்னு சொல்லியிருந்தாங்க. நான் மறுபடி போன் போட்டு எல்ஈடி ஸ்க்ரீன் எங்க வரும்னு கேட்டதுல, ஆட கிடைக்கறது 12 அடி ஆழம்தான், படி ஒரே பக்கம்னு தெரிஞ்சது. கைய விரிச்சா ஒரு ஆளுக்கு கிட்டத்தட்ட 5 அடி வேணும், அப்போ ஒரு வரிசைக்கு அஞ்சு பேரு, மேல ரெண்டு வரிசை, மிச்ச நாலு கசின்ஸ் மேடைக்கு கீழ. ரிசார்ட் ஹால் தரைல மாஸ்கிங் டேப் ஒட்டி அதே அளவு போட்டு, படி இருக்கற பக்கம் ஒரு நாற்காலி வச்சு, ஏர்றது இறங்கறது உட்பட வியாழக்கிழமை ஓட்டிப் பார்த்தோம்.

அந்த வியாழக்கிழமையே தப்பிப் போயிருக்கும். நான் 2 மணிக்கு மெஹந்தி, 6 மணிக்கு ரிகர்சல்னு போட்டிருந்தேன். மாப்பிள்ளையோட அக்கா ஷீட்ட பார்த்துட்டு, "ரெண்டு கைலயும் மெஹந்தி ஈரமா இருக்கும்போது துப்பட்டாவ யாரு பிடிப்பாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தோணவே இல்ல. 2ல இருந்து 5 ரிகர்சல், அப்புறம் மெஹந்தின்னு மாத்திட்டோம்.

வெள்ளிக்கிழமை 4 மணிக்கு சவுண்ட் செக். பன்னெண்டு பாட்டுக்கும் மொத 10 செகண்ட், கடைசி 10 செகண்ட் போட்டுக் கேட்டோம், ரெண்டு பாட்டு சத்தம் கம்மியா இருந்துச்சு, டிஜே ஏத்திக்கிட்டார். பென்டிரைவ் ஒண்ணு அவர்கிட்ட, இன்னொண்ணு என் கைல.

பதினொண்ணாவது எடத்த ஒரு நிமிஷம் அப்பாவுக்குன்னு காலியா வச்சிருந்தேன். ஆறு வாரமும் "நான் வரலம்மா"ன்னே சொன்னார். வியாழக்கிழமை ராத்திரி தங்கச்சிய கூப்பிட்டு பார்க்கிங்ல நின்னு நாலு ஸ்டெப் கத்துக்கிட்டிருக்கார், எனக்குத் தெரியாது. மேடைல அந்த நாலையும் திரும்பத் திரும்ப ஆடினார், ஒட்டிக்கோ வேட்டி, வெறுங்காலு, தங்கச்சி கைய விடவே இல்ல. பன்னெண்டாவது முடியும்போது மணி 9:05.