பாத்திரம் கழுவும் கணக்கு: லீட்ஸிலும் குடியாத்தத்திலும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், வாடகை வீட்டிலேயே இருந்த டிஷ்வாஷரை நாங்கள் தட்டு காய வைக்கும் அலமாரியாகத்தான் பயன்படுத்தினோம். கரண்ட்டைக் குடித்துவிடும் என்ற பயமே காரணம். குடியாத்தத்திலிருந்து அம்மா போனில், "ஒரு தடவை ஓட்டினா எவ்ளோ ஆவுது?" என்று கேட்டபோது பதில் தெரியவில்லை, அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.16 வாட் மணி ஆற்றல் வேண்டும். குளிர்காலத்தில் எங்கள் குழாயில் தண்ணீர் 10 டிகிரியில் வந்தது. அதைக் கை தாங்கும் 45 டிகிரிக்குக் கொண்டுவர, லிட்டருக்கு 40 வாட் மணி ஆகிறது. தொட்டியின் வடிகாலை அடைத்து, ஊரில் பழகியபடி குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய நாளில், சாம்பார்ச் சட்டி முதல் டம்ளர் வரை ஒரு நாள் பாத்திரத்துக்கு 40 லிட்டர் போயிருந்தது. அதாவது, தண்ணீரில் ஏறிய வெப்பம் மட்டும் 1.6 யூனிட். இதில் எனக்கு உறுத்தியது, பாய்லர் மாடியிலும் தொட்டி கீழேயும் இருந்ததால், சுடுதண்ணீர் வந்து சேருவதற்குள் நாலு லிட்டர் பச்சைத் தண்ணீர் வீணாகி, குழாயை மூடிய பிறகு குழாய்க்குள் நின்ற சூடும் ஆறிப்போனதுதான்.

அதே அளவு பாத்திரத்தை மறுநாள் இயந்திரத்தில் அடுக்கி, 'ஈகோ' சுழற்சியில் விட்டுவிட்டு, மீட்டரின் சிறு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றரை மணி நேரம் ஓடியதில் பெரும்பகுதிக்கு அது நூறு வாட்டைக்கூடத் தொடவில்லை. சோப்புக் கழுவலின்போது ஒரு முறை, கடைசி அலசலின்போது ஒரு முறை என இரண்டே தடவைதான் இரண்டாயிரம் வாட்டை எட்டியது. மொத்தம் 0.9 யூனிட், 10 லிட்டர் தண்ணீர். நேரம் நீளுவது செலவைக் கூட்டுவதில்லை. குறைந்த சூட்டை நேரத்தால் ஈடுகட்டுவதுதான் அந்தச் சுழற்சியின் சூட்சுமம். அவசரத்துக்கு 65 டிகிரி சுழற்சியைப் போட்டபோது, நேரம் குறைந்தும் ஒன்றரை யூனிட் ஆயிற்று.

யூனிட்டில் இயந்திரம் ஜெயித்தாலும் பணத்தில் அப்படி இல்லை. எங்கள் கட்டணத்தில் மின்சாரம் யூனிட் 26 பென்ஸ், கேஸ் வெறும் 6 பென்ஸ்; தண்ணீரும் கழிவுநீரும் சேர்ந்து ஆயிரம் லிட்டருக்கு நான்கு பவுண்டு. இயந்திரத்துக்கு மின்சாரமும் தண்ணீருமாக 27 பென்ஸ், சோப்பு மாத்திரை தனியாகப் பத்து. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால், பாய்லரில் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்து கேஸுக்கு 12, தண்ணீருக்கு 16, ஆக 28 பென்ஸ். ஆனால் தொட்டியை நிரப்பித் தேய்த்து, ஒரு முறை தண்ணீர் மாற்றி, 24 லிட்டரில் முடித்தால் 17 பென்ஸ்தான். ஆக, கேஸ் பாய்லர் உள்ள வீட்டில், சிக்கனமாகக் கழுவும் கையை இயந்திரத்தால் வெல்ல முடியாது. மின்சாரத்திலேயே தண்ணீர் சுட வைக்கும் நண்பர் வீட்டில் கதை வேறு: திறந்த குழாய்க்கு 58 பென்ஸ், நிரப்பிய தொட்டிக்கு 35. பாதி நிறைந்த இயந்திரமும், அடுக்குவதற்கு முன் சுடுதண்ணீரில் அலசுவதும் எந்த வீட்டிலும் நஷ்டக் கணக்கே.

போன மே மாதம் விடுமுறையில் குடியாத்தம் வந்தபோது, பக்கத்துத் தெருவில் இருக்கும் சித்தப்பா டிஷ்வாஷர் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மொட்டை மாடித் தொட்டியின் தண்ணீர் வேலூர் வெயிலில் தானாகவே 35 டிகிரிக்கு மேல் இருந்தது. இங்கே கையால் கழுவுவதற்குச் சுடுதண்ணீர்ச் செலவே கிடையாது. இயந்திரத்துக்கும் ஏற்ற வேண்டிய சூடு குறைவு என்பதால், என் கணக்குப்படி ஒரு தடவைக்கு அரை யூனிட் போதும். தினமும் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட். இலவசமாகக் கிடைக்கும் நூறு யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிச்சப்படுவது தண்ணீர் மட்டுமே. பாலாற்றில் மணல் தெரியும் கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்றாலும், போர் தண்ணீரின் உப்புக்கு இயந்திரத்தில் தனி உப்பு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டம்ளரில் வெள்ளை படியும். உப்பு போட்டாலும், சோப்பு மாத்திரையின் காரத்தில் அலுமினிய இட்லித் தட்டு கறுத்துப்போகும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, கொல்லைப்புறத்தில் கடைசி அலசல் தண்ணீரை வாழைக்கு ஊற்றியபடி, "மெஷின் தண்ணிய இதுக்கு விடலாமா?" என்றார். கூடாது என்றேன், அந்த மாத்திரையின் காரம் மண்ணுக்கு ஆகாது. சித்தப்பா இன்னும் வாங்கவில்லை.