ரங்கூன் சமையலறைக் குறிப்புகள்: எண்ணெய், நெய், தேங்காய்

ஏப்ரல் 2

இன்று புது கடலை எண்ணெய் வாங்கினோம், ஒரு விசை. பர்மாக் கணக்கில் ஒரு விசை 1.63 கிலோ. எங்கள் வீட்டில் நாலு பேர்: அத்தை, அவர், மகன், நான். ஒரு விசை ஏறக்குறைய இரண்டு வாரம் வரும்.

இதை வகுத்துப் பார்த்தேன். 1,630 கிராமை 14 நாளால் வகுத்து, அப்புறம் நாலு பேரால் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு 29 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக 260 கலோரி, எந்தத் தட்டிலும் தனியாகக் கண்ணில் படாமல் உள்ளே போகிறது. எனக்கு எடை ஏறாமல் இறங்காமல் இருக்க நாளைக்கு 1,900 கலோரி போதும். குறைய வேண்டும் என்று 1,500 வைத்திருக்கிறேன். அந்த 400 இடைவெளியில் பாதிக்கு மேல் எண்ணெயே தின்றுவிடக்கூடிய அளவு இது.

எடை குறைக்கிறவர்கள் முதலில் சோற்றைத்தான் குறைக்கிறார்கள். என்னைக் கேட்டால் எண்ணெய் டின் எத்தனை நாளில் தீர்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்வேன். பொரித்து மிஞ்சிக் கொட்டிய எண்ணெயை மட்டும் இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஏப்ரல் 4

நெய். சமையல் தராசில் நெய் பாட்டிலை வைத்து சுழியாக்கிவிட்டு, கரண்டியால் எடுத்தால் எடுத்த எடை மைனஸில் தெரியும். கிண்ணம் அழுக்காகாது, கரண்டியில் ஒட்டியதும் கணக்கில் வந்துவிடும்.

உருகிய நெய் ஒரு தேக்கரண்டி மட்டமாக 4 முதல் 5 கிராம், அதாவது 40 கலோரி. உறைந்த நெய்யை அதே கரண்டியால் கோரினால் மேலே குவிந்து 9, 10 கிராம் வருகிறது. புத்தகத்தில் "ஒரு கரண்டி" என்று இருப்பதை நம்பினால் இரட்டிப்பாகிவிடும். பங்குனி வெயிலில் நெய் தானாக உருகியிருப்பதால் இப்போது அளப்பது சுலபம்.

இன்னொன்று, தாளிக்க நெய் ஊற்றினால் மணம் வெங்காயத்தோடு போய்விடுகிறது. தாளிப்பைச் சிறிது எண்ணெயில் முடித்துவிட்டு, சூடான சோற்றின் மேல் 5 கிராம் நெய் விட்டால் ஒவ்வொரு கவளத்திலும் மணக்கிறது. அத்தைக்கும் இதில் குறை தெரியவில்லை, "நல்லா வாசமா இருக்கே" என்றார்கள்.

ஏப்ரல் 7

பக்கத்து வீட்டு அக்கா மீன் குழம்பு கொடுத்தனுப்பினார்கள், பர்மாக்காரர் முறையில் சீபியான். வெங்காயம், பூண்டு, இஞ்சி விழுதை நிறைய எண்ணெயில் வதக்கி, நீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை விடுவது. மேலே நிற்கும் எண்ணெய்தான் பக்குவத்துக்கு அடையாளம். அதைக் குறைத்து வதக்கினால் விழுது பச்சை வாடை அடிக்கும். அதனால் சமைக்கும்போது குறைக்காமல், பரிமாறும்போது குறைப்பதுதான் சரி. சட்டியை ஐந்து நிமிடம் அசைக்காமல் வைத்தால் எண்ணெய் மேலே சேரும். அகப்பையைப் படுக்க வைத்து மேலோட்டமாக எடுத்தேன். மூன்று மேசைக்கரண்டி வந்தது. ஒவ்வொன்றும் 120 கலோரி. அந்த எண்ணெயைக் கொட்டவில்லை, மறுநாள் கத்திரிக்காய் வதக்க அதுவே போதும், மீன் வாசனையும் சேரும்.

மாலையில் லப்பெ தோ, ஊறவைத்த தேயிலையில் செய்யும் பர்மா சாலட். பொரித்த பருப்பு, வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு எல்லாம் கலந்த பொட்டலத்தை அப்படியே கொறித்தால் 30 கிராம், அதாவது ஒரு சின்ன கைப்பிடி, 160, 170 கலோரி. தேயிலையும் எண்ணெயில் ஊறியதுதான். அதனால் மேலே எண்ணெய் ஊற்றத் தேவையே இல்லை. முட்டைக்கோஸை மெல்லியதாக அரிந்து ஒரு பெரிய கிண்ணம், தக்காளி, எலுமிச்சை, பச்சைமிளகாய், அதில் கடலைக் கலவை 20 கிராம். கடைசி நிமிடம் கலந்தால்தான் மொறுமொறுப்பு நிற்கும், குறைவாகப் போட்டாலும் வாய்க்கு வாய் கிடைக்கும்.

ஏப்ரல் 10

ஓனோ கௌஸ்வே செய்தேன், தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ். துருவிய தேங்காய் 300 கிராம் முழுக்கப் பிழிந்தால் ஏறக்குறைய 1,050 கலோரி. சக்கையில் கொஞ்சம் தங்கிவிடும், ஆனால் அதை நம்பிக் கழிக்கக் கூடாது. இங்கே எல்லாரும் கடலை மாவு கரைத்து ஊற்றுகிறார்கள். நான் மாவை வறுத்துக் கொஞ்சம் கூடுதலாகக் கரைத்து, தேங்காயைப் பாதியாக்கினேன். கெட்டித்தன்மை அப்படியே இருந்தது. மேலே தூவும் பொரித்த நூடுல்ஸ் ஆளுக்கு ஒரு சிட்டிகை.

ஏப்ரல் 14

வருஷப்பிறப்பு, வெளியே தண்ணீர்த் திருவிழா. வடை இல்லாமல் இந்த நாளை விடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் வடை எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளந்தேன். வடையை நிறுத்துப் பயனில்லை, வேகும்போது அதில் தண்ணீர் போய்விடுகிறது. எண்ணெயைத்தான் நிறுக்க வேண்டும். சட்டியில் 400 கிராம் ஊற்றினேன். 12 வடை சுட்டு, ஆறியதும் மீதி 340. ஆக வடைக்கு 5 கிராம், 45 கலோரி. உளுந்து 200 கிராமில் 680 கலோரி, அதை 12-ஆல் வகுத்தால் 57. ஒரு வடை 100 கலோரி என்று வைத்துக்கொண்டேன்.

மாவு தளர்ந்தாலோ எண்ணெய் காயாமல் போட்டாலோ இது ஏறும். சோடா மாவு போட்டாலும் எண்ணெய் குடிக்கும். சட்டியிலிருந்து எடுத்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வடைக்குள் இருக்கும் ஆவி ஆறும்போது மேலே ஒட்டிய எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி எண்ணெய் அப்போதுதான் ஏறுகிறது. கரண்டியில் எடுத்ததும் சட்டியின் மேலேயே இரண்டு உதறு உதறி, உடனே கம்பித் தட்டில் வைத்தேன். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கவில்லை.

இன்றைய சாப்பாடு: காலை மூன்று இட்லி, 30 கிராம் தேங்காயில் சட்னி, 285. மதியம் சோறு 200 கிராம் 260, சாம்பார் 120, பொரியல் 100, நெய் 45, இரண்டு வடை 200, பாயசம் சின்ன கிண்ணம் 150. இரவு எண்ணெய் எடுத்த மீன் குழம்பும் கொஞ்சம் சோறும் 330. மொத்தம் 1,490. வடை இருப்பதால் சட்னித் தேங்காயைக் காலையோடு நிறுத்தி, மதியம் பொரியலில் தேங்காய் போடவில்லை. ஒரு வேளையில் கொழுப்பு மிகுந்த ஒன்றைத் தாராளமாக வைத்தால் மற்றவற்றை ஒதுக்குவது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நாலிலும் கொஞ்சம் கொஞ்சம் என்று போனால் கணக்குத் தவறும்.

தெருவில் மோன்லோன் யேபோ கொடுத்தார்கள். ஒட்டும் அரிசி மாவு உருண்டைக்குள் வெல்லம், மேலே தேங்காய்ப்பூ. வெந்நீரில் வேகவைப்பது, எண்ணெயில்லை. நாளைக்கு என்று எடுத்து வைத்தேன்.

ஏப்ரல் 16

இன்று காலை எடை 700 கிராம் கூட. இது கொழுப்பாக இருக்க 5,000 கலோரிக்கு மேல் மிச்சம் வந்திருக்க வேண்டும், அப்படி எதுவும் சாப்பிடவில்லை. உப்பும், பண்டிகைச் சாப்பாட்டின் மாவுச்சத்தும் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இரண்டு, மூன்று நாளில் இறங்கும். தினசரி எடையைப் பார்க்காமல் வாரச் சராசரியைப் பார்க்கிறேன். 400 கலோரி குறைவு உண்மையாகவே நடந்தால் ஏறக்குறைய 19 நாளில் ஒரு கிலோ இறங்க வேண்டும். மூன்று வாரச் சராசரியும் நகரவில்லையென்றால், தட்டில் இருப்பதை விட்டுவிட்டு, சமைக்கும்போது நின்றபடி வாயில் போடும் முந்திரியையும் வேர்க்கடலையையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். பத்து முந்திரி 90 கலோரி. முந்திரி டப்பாவை இன்று முதல் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.