உனக்கே தெரியும்மா

அந்த மாணவி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "எதுவரைக்கும் சரின்னு சொல்லிடுங்க சார், அதுவரைக்கும் மட்டும் செய்றேன்." நான் சொன்னது, "அது உனக்கே தெரியும்மா."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். கமிட்டி அறையில் அப்புறம் தேநீர் வந்தது. நானும் குடித்தேன். இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதில் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. காரணம், அவள் எந்த விதியை மீறியதாகக் கூப்பிட்டு விசாரித்தோமோ, அந்த விதியை எழுதியவனே நான்தான். எதுவரைக்கும் சரி என்பது எனக்கே தெரியாது.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்தது. அடுத்த ஜூனில் எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் பதற்றம். "சீக்கிரம் ஒரு சர்க்குலர் போடுங்க" என்றார்கள். ஒரு மதியத்தில் எழுதிக் கொடுத்தேன். அதன் சாரம் இது: பாடப்பணிகளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை முறையற்ற வகையில் பயன்படுத்துவது ஒழுங்கீனம். படிக்கக் கம்பீரமாக இருந்தது. கல்விக் குழுவில் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. 'முறையற்ற' என்ற சொல்லுக்குள் ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அதற்குக் காரணம் என்று இப்போது புரிகிறது. துறைத் தலைவருக்கு அது காப்பியடிப்பதைத் தடுத்தது. ஆங்கிலத் துறைக்கு மொழிபெயர்ப்பைத் தடுத்தது. மாணவர்களுக்கு மட்டும் அது எதையுமே சொல்லவில்லை.

அவள் முதுகலை இரண்டாம் ஆண்டு. பள்ளி, இளங்கலை எல்லாம் தமிழ் வழி. இன்டர்னல் 25 மதிப்பெண்ணில் 10 இந்த அசைன்மென்ட்டுக்கு. தன் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கிய பெண்களைப் பார்த்துப் பேசி எழுத வேண்டும். கண்டறியும் மென்பொருள் அவள் கட்டுரையில் 74 சதவீதம் இயந்திரம் எழுதியது என்று காட்டியது. பாட ஆசிரியர் அந்தத் தாளை மேசையில் வைத்து, எண்ணைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

அந்த 74ஐப் பார்த்ததும் எங்கள் ஐந்து பேருக்கும் கை தானாக எங்கே போனது என்பதைச் சொல்ல வேண்டும். எங்களுக்குச் சதவீதம் பழக்கம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகள், எழுதியது பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற ஒப்புமைக்குப் படிநிலை வைத்திருக்கின்றன. 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, அதற்கு மேல் என்று போகும். ஆய்வேடு பார்க்கிற எவருக்கும் அது மனப்பாடம். ஆகவே 74 என்றதும் மனதில் உடனே 'கடைசிப் படி' என்று விழுந்துவிட்டது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒப்புமை அறிக்கையில் ஒரு வரியைத் தொட்டால் அது எங்கிருந்து வந்தது என்று மூலம் பக்கத்திலேயே நிற்கும். நாம் ஒப்பிட்டுப் பார்க்கலாம், மேற்கோள்தானே என்று விட்டுவிடலாம். இந்த 74க்குப் பின்னால் மூலம் என்று எதுவும் இல்லை. சொற்கள் எவ்வளவு எதிர்பார்த்தபடி வருகின்றன என்பது போன்ற கணக்குகளில் இருந்து எடுத்த ஊகம் அது. எளிய சொற்களும் ஒரே அமைப்பில் வாக்கியங்களும் இருந்தால் ஊகம் இயந்திரம் பக்கம் சாயும். இரண்டாம் மொழியில் பயந்து பயந்து எழுதுகிறவர்களின் ஆங்கிலம் பெரும்பாலும் அப்படித்தானே இருக்கும்? 2023ல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கண்டறியும் கருவிகளிடம், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதும் தோஃபல் தேர்வுக் கட்டுரைகள் 91ஐக் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவை. சராசரியாகப் பாதிக்கும் மேல் இயந்திரம் எழுதியது என்று வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓபன்ஏஐ தன் சொந்தக் கண்டறியும் கருவியையே துல்லியம் போதவில்லை என்று நிறுத்திவிட்டது. இதெல்லாம் நான் அப்போதே படித்திருந்தேன். படித்தும் அந்த அறையில் சொல்லவில்லை. துறைத் தலைவர் கோபமாக இருந்தார், மணி நாலரை ஆகியிருந்தது. இந்த இரண்டையும் தவிர என்னிடம் வேறு சமாதானம் இல்லை.

இன்னொன்று. அந்த 2018 விதிமுறைகளே அசைன்மென்ட், பாடப்பணி, விடைத்தாள் போன்றவற்றை வெளிப்படையாக விலக்கியிருக்கின்றன. அதைப் பின்னால்தான் நிதானமாகப் படித்தேன். எத்தனை வருடமாக அசைன்மென்ட்டுக்கும் 10 சதவீதம் என்று வகுப்பில் மிரட்டிக்கொண்டிருந்தோம்!

அவள் மறைக்கவில்லை. செய்ததை வரிசையாகச் சொன்னாள். பதினான்கு பெண்களிடம் பேசினாள். தமிழில் நோட்டில் எழுதினாள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஆங்கிலமாக்கினாள். கிராமர்லியில் திருத்தினாள். "அப்புறமும் சின்னப் பிள்ளைங்க இங்கிலீஷ் மாதிரி இருந்துச்சு சார்" என்பதால், வாக்கியத்தை மாற்றி எழுதித்தரும் குவில்பாட்டில் போட்டு மாற்றினாள். நோட்டையும் கொண்டுவந்திருந்தாள். கோடு போட்ட நோட்டு, நடுநடுவே மஞ்சள் கறை. அதில் ஒரு வாக்கியம்: 'குழுவில் கடன் வாங்கியவர்களில் பாதிப் பேர் இன்னொரு கடனை அடைக்கத்தான் வாங்குகிறார்கள்.' பதினான்கில் ஏழு பேர். பெயருக்குப் பக்கத்தில் டிக் போட்டு எண்ணியிருந்தாள்.

அசைன்மென்ட்டில் அந்த இடத்தில் இருந்த ஆங்கிலத்தைத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'பயனாளிகளில் கணிசமானோர் கடன்சுமையின் சுழற்சிக்கு உள்ளாகின்றனர்.' பாதி போய்க் கணிசம் வந்துவிட்டது. ஏழு என்ற எண் காணாமல் போயிற்று. அந்தக் கட்டுரையில் அவள் சொந்தமாகக் கண்டுபிடித்தது அந்த ஏழுதான். இதை நான் கவனித்தேன், ரசிக்கவும் செய்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அசைன்மென்ட்டுக்குப் பூஜ்ஜியம் போட்டோம். மற்ற 15ல் வாங்கியதை வைத்துத் தேறிவிட்டாள், சரி. வாழ்க்கை ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று நானே எனக்கு அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

விதியைத் திருத்தி எழுதலாம் என்று நான் கேட்டதற்கு அவள் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு, அது அவ்வளவு உயர்ந்ததில்லை. 2024ல் ஹரியானாவில் ஒரு சட்ட மாணவர், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகத் தேர்ச்சி மறுக்கப்பட்டு, உயர் நீதிமன்றத்துக்கே போனார். அதற்கு எதிராகத் தெளிவான விதியே இல்லை என்பது அவர் வாதங்களில் ஒன்று. செய்தி வந்த மறுநாள் எங்கள் பதிவாளர் அலுவலகத்தில் இருந்து போன். மனசாட்சி ஒரு வருடமாகச் செய்யாததை அந்தச் செய்தி ஒரே நாளில் செய்தது.

எழுத உட்கார்ந்ததும் முதலில் கருவிகளின் பெயரைப் பட்டியலிட்டோம். அது நிற்கவில்லை. வேர்டுக்குள்ளேயே எழுதித்தரும் பொத்தான் வந்துவிட்டது, போன் கீபோர்டே அடுத்த சொல்லைச் சொல்கிறது. கருவியை விட்டுவிட்டு, செய்கிற வேலையைப் பிடிக்கலாம் என்று தீர்மானித்தோம். தலைப்பு யோசிப்பது, சுருக்கி வாசிப்பது, மொழிபெயர்ப்பது, மொழியைத் திருத்துவது, வாக்கியத்தை மாற்றி எழுதுவது, பத்தி எழுதி வாங்குவது என்று ஆறு வேலைகள். ஒவ்வொரு அசைன்மென்ட் தாளின் தலையிலும் ஆசிரியர் இந்த ஆறுக்கும் ஆம், இல்லை, சொல்லிவிட்டுச் செய்யலாம் என்று மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும்.

நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே கோடு போடத்தான் மூன்று கூட்டம் ஆனது. அங்கே நான் அவள் வாக்கியத்தை, பெயர் சொல்லாமல், எடுத்து வைத்தேன். எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, கால ஒருமை இவற்றைச் சரிசெய்த பிறகும் 'பாதி' பாதியாகவே இருந்தால் அது திருத்தம். 'பாதி' 'கணிசம்' ஆகிவிட்டால் அது மாற்றி எழுதியது. சொல்ல வந்த செய்தி நகர்ந்ததா என்பதே அளவுகோல். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்புக்கு மூல நோட்டை இணைத்தால் போதும் என்றோம். ஆங்கிலத் துறைப் பேராசிரியை மட்டும் விடவில்லை. "எங்க பேப்பர்ல இங்கிலீஷ் எழுதுறதுதானே பாடமே?" நியாயம்தான். அதனால்தான் பல்கலைக்கழகம் முழுமைக்கும் ஒரே பதில் வைக்காமல் தாளுக்குத் தாள் டிக்.

ஆசிரியர் எதையுமே டிக் செய்ய மறந்தால்? இதில்தான் பழைய விதி ஆளை விழுங்கியது. இப்போது எழுதியிருக்கிறோம்: டிக் இல்லையென்றால் மொழித் திருத்தம் மட்டும் ஆம், மற்ற ஐந்தும் இல்லை. மென்பொருள் எண்ணை மட்டும் வைத்துத் தண்டிக்கக்கூடாது, மாணவரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து கட்டுரையைப் பற்றிப் பேச வேண்டும் என்றும் ஒரு வரி. என் வகுப்பில் 62 பேர். எல்லாரோடும் பேசினால் பத்து மணி நேரத்துக்கு மேல். சந்தேகம் வந்தவர்களோடு மட்டும் என்றால், அந்தச் சந்தேகம் மறுபடியும் எண்ணைப் பார்த்துத்தான் வரும். இதை ஒருவர் கூட்டத்தில் சொன்னார். குறித்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

விதி நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் ஒரு இரவு அதை அவள் கட்டுரையோடு பொருத்திப் பார்த்தேன். அன்று அவள் தாளில் டிக் எதுவும் கிடையாது. புதிய விதிப்படி மொழிபெயர்ப்பும் தவறு, குவில்பாட்டும் தவறு. அதிலும் குவில்பாட் விஷயத்தில் தப்பிக்கவே வழியில்லை. நாங்கள் கண்டுபிடித்த அளவுகோலே அவள் வாக்கியத்தில் இருந்து வந்தது, அது அவளையே குற்றவாளி என்கிறது. பழைய விதியில் யாராவது அவளுக்காகப் பேசியிருந்தால் 'முறையற்ற' என்றால் என்ன என்று வாதாடி விட்டிருக்கலாம். யாராவது என்ன, நானே பேசியிருக்கலாம். இப்போது அந்த இடுக்கும் இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் குவில்பாட்டில் போட்டிருக்கவே மாட்டாள் என்று எனக்கு நானே பதில் சொல்கிறேன். அதுதானே அவள் கேட்டதும்? ஆனால் போடாமல் அந்தச் சின்னப் பிள்ளை ஆங்கிலத்தில் கொடுத்திருந்தால் பாட ஆசிரியர் பத்துக்கு எத்தனை போட்டிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு நாங்கள் விதி எழுதவில்லை.

போன வாரம் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் அசைன்மென்ட் தாளோடு வந்தான். "சார், திருத்தம்னு டிக் போட்டிருக்கீங்க. ஒரு நீளமான வாக்கியத்தை அது ரெண்டா உடைச்சுக் குடுக்குது. வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்பா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன்.

அவன் போன பிறகு விதியை எடுத்து நான்காவது வேலையை இரண்டு முறை படித்தேன். வாக்கியத்தை உடைப்பது பற்றி அதில் ஒன்றும் இல்லை.