ஐந்துக்கு இடமில்லாத பச்சைக் கோடு

சுடோகு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பென்சிலைத் தொடவே மாட்டேன், பேனாதான். கட்டத்தின் மூலையில் குட்டிக் குட்டியாக எண்களைக் குறித்துவைப்பவர்களைப் பார்த்தால், சைக்கிளில் பக்கச் சக்கரம் மாட்டி ஓட்டுகிறவர்களைப் பார்ப்பதுபோல ஒரு சிரிப்பு வரும். போன ஞாயிறு மதியம் வரைக்கும் வந்தது.

மகள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, இதைப் போட்டுத்தாங்க பாப்போம்."

வழக்கமான ஒன்பதுக்கு ஒன்பது கட்டம்தான். ஆனால் ஐந்தாவது வரிசையில், இடது ஓரத்திலிருந்து எட்டாவது கட்டம் வரை, தடியாக ஒரு பச்சைக் கோடு நேராக ஓடியது. ஒன்பதாவது கட்டத்தில் மட்டும் கோடு இல்லை. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விதிகள் இரண்டாவது பக்கத்தில் இருந்திருக்கின்றன. காகிதம் வீணாகிறது, முதல் பக்கத்தை மட்டும் அச்சடி என்று அவளிடம் சொன்னதே நான்தான். எனவே இதில் யாரையும் குறைசொல்ல முடியாது.

பத்து நிமிடம் நன்றாகவே போனது. அந்த ஐந்தாவது வரிசையில் 5-க்கு இரண்டே இடங்கள் மிச்சம்: நான்காவது கட்டம், இல்லையென்றால் ஒன்பதாவது. எது என்று தெரியவில்லை. இத்தனை வருட அனுபவம் நான்காவது என்று சொன்னது. பேனாவால் அழுத்தி எழுதினேன்.

மகள் எட்டிப் பார்த்தாள். "அது பக்கத்துல என்னப்பா வரும்?"

"ஏதாவது வரும். ஏன்?"

"பச்சைக் கோட்டுல பக்கத்துப் பக்கத்துக் கட்டத்துக்கு நடுவுல வித்தியாசம் குறைஞ்சது 5 இருக்கணும். 5-ல 5 போனா 0. 5-ஓட 5 சேந்தா 10. சுடோகுல 0 இருக்கா, 10 இருக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. மேசை இழுப்பறையில் வெள்ளை மையைத் தேடினேன். உள்ளே இருந்து மனைவி, "என்னங்க, பேனாவுலயா போட்டீங்க?" என்றாள். ஒன்றும் தெரியாமல் கேட்கிறவள் மாதிரி கேட்பது அவளுக்குக் கைவந்த கலை.

சரி, ஆக 5 அந்தக் கோட்டில் எங்கேயும் உட்கார முடியாது. ஒரு வரிசையில் 5 கட்டாயம் வந்தாக வேண்டும். கோடு இல்லாத கட்டம் ஒன்றுதான். எனவே ஒன்பதாவது கட்டத்தில் 5. விதியைப் படித்திருந்தால் முதல் நொடியிலேயே எழுதியிருக்கக்கூடிய எண் அது. இந்த வகைக்கு ஜெர்மன் விஸ்பர்ஸ் என்று பேர் என்று மகள் சொன்னாள். விஸ்பர் என்றால் கிசுகிசு. எண்கள் கிசுகிசுத்தனவோ இல்லையோ, வீட்டில் என்னைப் பற்றி அம்மாவும் பெண்ணும் கிசுகிசுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்து மிச்சமிருந்த எட்டு எண்களையும் எட்டுக் கட்டங்களில் அடுக்க வேண்டும். 1, 2, 3, 4 ஒரு கட்சி. 6, 7, 8, 9 இன்னொரு கட்சி. ஒரே கட்சிக்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவே முடியாது. அவர்களுக்குள் வித்தியாசம் அதிகபட்சம் 3தான். ஆக சின்னது, பெரியது, சின்னது, பெரியது என்று மாறி மாறித்தான் வர வேண்டும். இது எனக்கே தோன்றியது. தோன்றியதும் கொஞ்சம் தெம்பு வந்து, ஆறாவது கட்டத்தில் ஒரு 4-ஐ எழுதினேன். ஆமாம், பேனாவால்தான்.

"அப்பா, 4-க்குப் பக்கத்துல யாரெல்லாம் உட்காரலாம்?"

யோசித்தேன். நாலும் ஐந்தும் ஒன்பது. 9 உட்காரலாம். வேறு யாரும் முடியாது. அப்படியென்றால் இடது பக்கம் ஒரு 9, வலது பக்கம் ஒரு 9. ஒரே வரிசையில் இரண்டு 9.

மறுபடி வெள்ளை மை.

மை காய்வதற்குள் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் யாருக்கு யார் சிநேகிதம் என்று எழுதிப் பார்த்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். 1-க்கு 6, 7, 8, 9 நால்வரும் சிநேகிதர்கள். 2-க்கு 7, 8, 9. 3-க்கு 8, 9 மட்டும். 4-க்கு 9 மட்டும். மறுபக்கமும் அதே கதைதான்: 9-க்கு நாலு பேர், 8-க்கு 1, 2, 3. 7-க்கு 1, 2. பாவம் 6-க்கு 1 மட்டும். ஐந்துக்கு ஆளே இல்லை. அதற்கு நெருக்கமாக இருக்க இருக்க சிநேகிதம் குறைகிறது.

கோட்டின் நடுவில் உட்காருகிறவருக்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டும். 4-க்கும் 6-க்கும் ஆளுக்கு ஒரு சிநேகிதர்தான் என்பதால் இந்த வரிசையில் இரண்டும் நடுவில் உட்கார முடியாது. கோட்டுக்கு இரண்டு முனைகள். ஒன்றில் 4, இன்னொன்றில் 6. அவ்வளவுதான், இரண்டு முனையும் முடிந்தது. 4-ஐ ஒட்டி 9, 6-ஐ ஒட்டி 1.

நடுவில் நாலு கட்டங்கள், 2, 3, 7, 8 என்று நாலு எண்கள். 4, 9 என்று ஆரம்பித்தால் அடுத்தது சின்ன எண்: 2 அல்லது 3. அங்கே 2-ஐப் போட்டால் 3 ஐந்தாவது கட்டத்துக்குப் போய், 7-க்கும் 8-க்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். 3-க்கும் 7-க்கும் ஆகாது, வித்தியாசம் 4தான். எனவே 9-க்கு அடுத்து 3. அதற்கு அந்தப் பக்கம் 8. அப்புறம் 2, 7, ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் 1, 6.

4 9 3 8 2 7 1 6.

வேறு வழியே இல்லை. இல்லை, ஒன்று உண்டு: இதையே திருப்பிப் போட்டால் 6 1 7 2 8 3 9 4. எட்டு எண்களை இஷ்டத்துக்கு அடுக்கினால் 40,320 விதம். அந்தக் கோடு அதில் இரண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. கொடுக்கப்பட்ட எண் ஒன்றுகூட அந்த எட்டுக் கட்டங்களில் கிடையாது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி.

பிடித்த வேகத்தில் மச்சினனுக்கு போன் போட்டேன். அவனும் இந்தக் கோட்டுக் கிறுக்கன்தான். "டேய், 4-ம் 6-ம் கோட்டு நடுவுல வரவே வராது, தெரியுமா?" என்றேன். அவன் "அப்படியா அத்தான்!" என்று பக்தியோடு கேட்டுக்கொண்டான்.

திரும்பி வந்து இரண்டில் ஒன்றை எழுதினேன். 6 1 7 2 8 3 9 4 எனக்கு என்னவோ லட்சணமாகப் பட்டது. அரைமணி நேரம் அதை நம்பி மேலேயும் கீழேயும் நிரப்பிக்கொண்டே போனேன். கடைசியில் மூன்றாவது நெடுவரிசையில் இரண்டு 7-கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. மேலே இருந்த 7 நான் எழுதியது அல்ல, அச்சிலேயே வந்தது. ஆரம்பத்திலிருந்து அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இரண்டு அடுக்குகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒவ்வொரு நெடுவரிசையிலும் 4 அல்லது 6, 9 அல்லது 1, 3 அல்லது 7, 8 அல்லது 2 என்று ஜோடி ஜோடியாக, கூட்டினால் 10 வருகிற மாதிரி நிற்கின்றன. அந்த எட்டு நெடுவரிசைகளில் ஏதாவது ஒன்றில் அந்த ஜோடியில் ஒரு எண் முன்பே அச்சாகியிருந்தால் போதும், திசை முடிவாகிவிடும். மூன்றாவதில் 7 இருந்தது. எனவே கோட்டில் 3. நாலு விநாடி வேலை.

வெள்ளை மை பூசிப் பூசி அந்த வரிசை சுவர்போலத் தடித்துவிட்டது. தாளை மடித்தால் விரிசல் விடும்போல இருந்தது.

இந்த நேரம் பார்த்து மச்சினன் கூப்பிட்டான். இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறானாம். நான் சொன்னபடி கோட்டின் நடுக் கட்டங்களில் எல்லாம் 4-ஐ அடித்துவிட்டானாம். கடைசியில் ஒரு மூன்றுக்கு மூன்று பெட்டியில் 4-க்கு இடமே இல்லையாம்.

"உன் கோடு நேரா போகுதா, வளையுதா?" என்று கேட்டேன். குரல் எனக்கே மெலிந்துவிட்டது.

"வளையுது அத்தான். பெட்டி மூலையில."

அதுதான். 4-க்கு இரண்டு பக்கமும் 9 வரக் கூடாது என்று விஸ்பர் விதி சொல்லவில்லை. அந்த இரண்டு 9-களும் ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ பெட்டியிலோ இருக்கக் கூடாது என்று சுடோகுதான் சொல்கிறது. என் கோடு நேர்க்கோடு, அதனால் எல்லாம் ஒரே வரிசை. அவன் கோடு மூன்றாவது வரிசையின் மூன்றாவது கட்டத்திலிருந்து நான்காவது கட்டத்துக்குப் போய், அங்கிருந்து கீழே நான்காவது வரிசைக்கு இறங்குகிறது. அந்த வளைவுக் கட்டத்துக்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் வேறு வேறு வரிசை, வேறு வேறு நெடுவரிசை, வேறு வேறு பெட்டி. இரண்டிலும் தாராளமாக 9 உட்காரலாம், நடுவில் 4 சௌகரியமாக இருக்கலாம்.

"அப்ப நீங்க சொன்னது..."

"நேர்க்கோட்டுக்குச் சொன்னேன்டா."

"அதை நீங்க சொல்லல அத்தான்."

சொல்லவில்லைதான். இரண்டு 9-களும் ஒரே வரிசையிலோ நெடுவரிசையிலோ பெட்டியிலோ மாட்டுகின்றனவா என்று பார்த்துவிட்டு 4-ஐ அடி என்று சொல்லி போனை வைத்தேன்.

என் தாள் ஏழு மணிக்கு முடிந்தது. மகளிடம் நீட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பழைய எண்கள் எல்லாம் வெள்ளைக்குப் பின்னால் நிழலாகத் தெரிந்தன. ஒன்றும் சொல்லாமல் இன்னொரு தாளை வைத்தாள். இந்த முறை கோடு ஆரஞ்சு நிறம்.

எனக்கா தெரியாது? அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே கோட்டில் இருந்த எல்லாக் கட்டங்களிலும் மூலையில் குட்டியாக ஒரு 5 எழுதி, அடித்துவைத்தேன். பேனாவால்.

"அப்பா, இது டச்சு விஸ்பர்ஸ். வித்தியாசம் 4 இருந்தா போதும். 5 பக்கத்துல 1 வரலாம், 9-ம் வரலாம்."

இழுப்பறையைத் திறந்தேன். வெள்ளை மை தீர்ந்துபோயிருந்தது. மனைவி உள்ளே இருந்து வந்து, சீவிய பென்சில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.